தண்டர்போல்ட் பெட்டி: கேபிளை மட்டும் திட்டிப் பயனில்லை

மெல்லிய மடிக்கணினிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. அதற்குள் மேசைக்கணினிக்கான கிராபிக்ஸ் கார்டு. நடுவில் ஒரே ஒரு தண்டர்போல்ட் கேபிள். இதை வைத்துக் கனமான வேலை பார்க்க முடியுமா என்று கேட்டால், பலரும் உடனே கேபிளைத்தான் குறை சொல்கிறார்கள். அதில் பாதி உண்மைதான். தண்டர்போல்ட் 3, 4 இரண்டிலும் கார்டுக்குக் கிடைப்பது நாலு பாதை, மேசைக்கணினியில் பதினாறு. நடைமுறையில் நொடிக்கு சுமார் 2.5 ஜிபி போகும்.

ஆனா என் அனுபவத்தில் வில்லன் வேறு ஆள். பிளெண்டரில் ஒரு தெருக் காட்சி, 120 பிரேம், கேமரா மட்டும் நகர்கிறது. காட்சியின் எடை 4 ஜிபி. இது கேபிளைக் கடக்க இரண்டு நொடிகூட ஆகாது. கடந்தபின் எல்லாம் கார்டின் நினைவகத்திலேயே இருக்கும், கேபிளுக்கு அதிக வேலையில்லை. அப்படியும் ஒரு பிரேமுக்கு 70 நொடி ஆனது. உட்கார்ந்து கவனித்தேன்:

```
nvidia-smi dmon -s ut
```

இதில் `sm` என்பது கார்டு எவ்வளவு உழைக்கிறது என்பது, `rxpci` என்பது கேபிள் வழியே கார்டுக்குள் வரும் தரவு. முதல் 50 நொடி இரண்டுமே தூங்கின. கார்டு சும்மா இருக்க, மடிக்கணினியின் சிபியு மூச்சு வாங்கிக்கொண்டு மரம், இலை எல்லாவற்றையும் தயார்செய்துகொண்டிருந்தது. கார்டு உழைத்தது கடைசி 20 நொடிதான். இரண்டு மடங்கு வேகமான கார்டு வாங்கியிருந்தாலும் 70 என்பது 60 ஆகியிருக்கும், அவ்வளவே!

காசு செலவில்லாத மருந்து பிளெண்டருக்குள்ளேயே இருந்தது. `Persistent Data` என்பதை டிக் செய்ததும், தயார்செய்ததை அடுத்த பிரேமுக்கும் வைத்துக்கொண்டது. இரண்டாம் பிரேமிலிருந்து 24 நொடி. இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடியது, 50 நிமிடத்துக்குள் முடிந்தது. கேமராவோடு பாத்திரங்களும் அசைந்தால் இவ்வளவு லாபம் வராது. அசைவதை மறுபடி தயார்செய்தே ஆகவேண்டும்.

கேபிள் உண்மையிலேயே காலை வாரும் இடமும் ஒன்று உண்டு. காட்சி கார்டின் நினைவகத்துக்குள் அடங்காவிட்டால், மிச்சம் மடிக்கணினியின் ரேமில் தங்கும். ரெண்டர் ஓடும்போதெல்லாம் அது கேபிள் வழியே வந்துகொண்டே இருக்கும். `rxpci` ஆரம்பத்தில் துள்ளி அடங்காமல் கடைசிவரை உயரத்திலேயே நின்றால் இதுதான் நோய். அதனால்தான், பெட்டிக்குக் கார்டு வாங்கும்போது வேகத்தைவிட நினைவகத்தைப் பாருங்க என்பேன். (விளையாட்டு தனிக் கதை. அங்கே பிரேமுக்குப் பிரேம் தரவு போகிறது. படத்தை மடிக்கணினித் திரைக்கே திருப்பினால் அதுவும் அதே கேபிளில் வரவேண்டும். திரையைக் கார்டிலேயே செருகுவது நல்லது.)

என் தீர்ப்பு? ஒரே காட்சியைக் கார்டுக்குள் ஏற்றிவிட்டு நெடுநேரம் அரைக்கிற வேலைக்குப் பெட்டி காப்பாற்றும். சிமுலேஷன், மாடிஃபையர் என்று சிபியுவை நம்பும் வேலைக்குக் காப்பாற்றாது. வாங்கும் முன் உங்கள் காட்சியை இப்போதுள்ள கணினியிலேயே ஓட்டி, ரெண்டர் தொடங்கும்வரை எத்தனை நொடி ஆகிறதென்று எண்ணிப் பாருங்க. எந்தக் கார்டு வந்தாலும் அந்த நொடிகள் அப்படியேதான் இருக்கும்.