முதல் நான்கு வரிகள்

வெளிநாட்டில் எம்எஸ் படிக்க விண்ணப்பிக்கும் மாணவர்களின் ரெஸ்யூமேக்களைப் பல ஆண்டுகளாகப் படித்துத் திருத்தித் தருகிறேன். பெயருக்கும் தொலைபேசி எண்ணுக்கும் கீழே, கல்வி விவரத்துக்கு மேலே, நான்கைந்து வரிகளில் ஒரு பத்தி அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது. சம்மரி என்று அதற்குத் தலைப்பு. மாணவர்கள் மிக அதிக நேரம் செலவிடுவது இந்தப் பத்திக்குத்தான். அது அந்த இடத்துக்குத் தகுதியானதா என்பதே கேள்வி. இந்தப் பருவத்தில் என்னிடம் வந்த இரண்டு ரெஸ்யூமேக்களை வைத்து அதை எடைபோட்டுப் பார்க்கிறேன். இரண்டும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போகவிருந்தவை.

முதலாவது ஒரு பெண்ணுடையது. இயந்திரவியல் பொறியியல் பட்டம், சிஜிபிஏ 7.9. ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இரண்டரை ஆண்டு வேலை. ரோபாட்டிக்ஸில் எம்எஸ் படிக்க விண்ணப்பிக்கிறார். ஆங்கிலத்தில் அவர் எழுதியிருந்த சம்மரி தமிழில் இப்படி வரும்:

"கடின உழைப்பும் தீராத ஆர்வமும் கொண்ட இயந்திரவியல் பொறியாளர். குழுவாகப் பணியாற்றும் திறனும் தலைமைப் பண்பும் உடையவர். பைத்தான், மேட்லேப், சாலிட்வொர்க்ஸ், ஆர்ஓஎஸ் ஆகியவற்றில் தேர்ச்சி பெற்றவர். புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் முதுகலை பயின்று அறிவை விரிவாக்கிக்கொள்ள விழைகிறார்."

இது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது எளிது. கல்லூரி மூன்றாம் ஆண்டில் வளாகத் தேர்வுக்காகக் கொடுக்கப்படும் மாதிரிப் படிவத்தின் உச்சியில் 'கேரியர் அப்ஜெக்டிவ்' என்று ஒரு பகுதி இருக்கும். அடியில் 'மேற்கண்ட தகவல்கள் உண்மை என உறுதியளிக்கிறேன்' என்று ஊர், தேதி, கையொப்பத்தோடு முடியும். அந்த அப்ஜெக்டிவில் நிறுவனம் என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பல்கலைக்கழகம் என்று போட்டால் இந்தச் சம்மரி கிடைத்துவிடும். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பேரை வடிகட்டும் வேலைத் தேர்வுக்காகச் செய்த அச்சு அது. ஒரு துறையின் பேராசிரியர்கள் மதிப்பெண் பட்டியல், எஸ்ஓபி, மூன்று பரிந்துரைக் கடிதங்கள் இவற்றோடு சேர்த்து ரெஸ்யூமேயைப் படிக்கும் இடத்துக்கு அது பொருந்தாது.

வாக்கியம் வாக்கியமாகப் பார்ப்போம். முதல் இரண்டையும் அவருடைய வகுப்பில் படித்த யாருடைய பெயருக்குக் கீழே போட்டாலும் அப்படியே பொருந்தும். உழைப்பாளி என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வது சான்றாகாது. அதைச் சொல்லத்தான் பரிந்துரைக் கடிதங்கள் இருக்கின்றன. நான்காவது வாக்கியம், விண்ணப்பித்திருக்கிறார் என்பதைத் தவிர எதையும் தெரிவிக்கவில்லை. அது படிப்பவருக்கு முன்பே தெரியும்.

மூன்றாவது வாக்கியம்தான் ஆபத்தானது. பைத்தானும் சாலிட்வொர்க்ஸும் அவர் நாள்தோறும் பயன்படுத்துபவை. ஆர்ஓஎஸ் பற்றிக் கேட்டேன். இணைய வகுப்பு ஒன்றில் இரண்டு வாரம் பார்த்ததாகச் சொன்னார். நான்கையும் ஒரே 'தேர்ச்சி'க்குள் அடைத்திருக்கிறார். ரோபாட்டிக்ஸ் ஆய்வகம் நடத்தும் ஒருவர் ஆர்ஓஎஸ் என்ற சொல்லைக் கண்டதும் கீழே அதற்கான ப்ராஜெக்டைத் தேடுவார். இல்லையென்றால் மற்ற மூன்றின் மீதும் ஐயம் விழும். சம்மரியில் உள்ள ஒவ்வொரு கூற்றுக்கும் அதே பக்கத்தில் கீழே எங்காவது ஆதாரம் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இவ்வளவு பழுதுள்ள பத்தியைத் திருத்துவதைவிட நீக்கிவிடலாமே? நீக்கிப் பார்த்தோம். உடனே வேறொரு சிக்கல் தெரிந்தது. மேலிருந்து படித்தால் முதலில் இயந்திரவியல் பட்டம் வருகிறது. அதற்குக் கீழே பதவியின் பெயர்: 'கிராஜுவேட் இன்ஜினியர் டிரெய்னி'. நம் ஊரில் அது எல்லாருக்கும் தெரிந்த பெயர். வெளிநாட்டில் படிப்பவருக்கு அதிலிருந்து என்ன வேலை என்று விளங்காது. அவர் உண்மையில் செய்தது, கேமராவைக் கொண்டு உதிரிகளைச் சோதிக்கும் நிலையத்தில் வேலை. அதாவது இயந்திரப் பார்வை. ரோபாட்டிக்ஸுக்கும் அவருக்கும் உள்ள உறவே அங்குதான் இருக்கிறது. ஆனால் அது பதவியின் கீழ் நான்காவது புள்ளியாக, ஐந்து-எஸ் தணிக்கைக்கும் வாராந்திர அறிக்கைக்கும் அடியில் புதைந்து கிடந்தது.

அந்தப் புள்ளியை மேலே கொண்டுவந்தால் போதாதா என்று கேட்கலாம். பாதி போதும், முதலில் அதைத்தான் செய்தோம். ஆனால் பட்டம் ஒரு துறை, வேலை ஒரு துறை, படிக்கப் போவது இன்னொன்று. மூன்றும் ஒரே ஆளின் ஒரே பாதை என்று சொல்லும் இடம் ரெஸ்யூமேயின் வேறு எந்தப் பகுதியிலும் இல்லை. எஸ்ஓபியில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் எஸ்ஓபியை முதலில் படித்துவிட்டுத்தான் ரெஸ்யூமேயை எடுப்பார்கள் என்பதற்கு உறுதி இல்லை. ஆய்வு உதவியாளர் வாய்ப்புக் கேட்டு ஒரு பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது கூடப் போவது பெரும்பாலும் ரெஸ்யூமே மட்டும்தான்.

ஆகவே புதிதாக எழுதினோம். கேமரா நிலையத்தில் நடந்ததை முதலில் கதையாகவே சொல்லச் சொன்னேன். கடைசலிலிருந்து வரும் உதிரிகளின் மேல் எண்ணெய்ப் படலம் இருக்கும். அது விளக்கொளியில் பளபளக்க, கேமரா அதைக் கீறல் என்று எடுத்துக்கொண்டு நல்ல உதிரியையும் ஒதுக்கிவிடும். நூறு நல்ல உதிரிகளில் ஆறு இப்படிப் போய்க்கொண்டிருந்தன. விளக்கின் கோணத்தை மாற்றி, படத்தில் பளபளப்பை அடக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதியபின் அது இரண்டாகக் குறைந்தது. கேட்டதும் அவர் எழுதிய வரி: "தவறான ஒதுக்கலை நூற்றுக்கு ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தேன்."

நல்ல வரி போலத் தெரிகிறது. ஆனால் இதிலும் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. தவறான ஒதுக்கலைக் குறைப்பது எளிது: சோதனையைத் தளர்த்திவிட்டால் போதும், எல்லாம் தேறிவிடும், பழுதானவையும் சேர்த்து. இந்தத் துறையை அறிந்தவர் உடனே கேட்பது, தப்பிப்போன பழுதுகள் கூடினவா என்பதைத்தான். அதற்கு அவரிடம் விடை இருந்தது. ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் பழுதென்று தெரிந்த மாதிரி உதிரிகளை நிலையத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். மாற்றத்துக்குப் பின்னும் அவை எல்லாமே பிடிபட்டன. கையில் இருந்த மிக வலுவான உண்மை அது. அவர் அதை எங்குமே எழுதவில்லை.

இரண்டாவது ஓட்டை 'குறைத்தேன்' என்ற சொல். அந்த வேலையில் மூன்று பேர் இருந்தார்கள். அவருடைய மேலாளர்தான் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறார். அவர் இயல்பாக 'எங்கள் குழு குறைத்தது' என்று எழுதுவார். இரண்டு தாள்களும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து வரும். தன்மை ஒருமையும் பன்மையும் மோதினால் மேலாளரைத்தான் நம்புவார்கள். தன் பங்கை மட்டும் பிரித்துச் சொன்னால் மோதல் இல்லை.

கடைசியில் நின்றது இது:

"வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் கேமரா வழிச் சோதனையில் இரண்டரை ஆண்டு அனுபவமுள்ள இயந்திரவியல் பொறியாளர். நல்ல உதிரிகள் தவறாக ஒதுக்கப்படுவதை, பழுது மாதிரி எதுவும் தப்பாமல், நூற்றுக்கு ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்த மூவர் குழுவில் ஒளியமைப்பும் பட நிரலும் என் பொறுப்பு. இயந்திரப் பார்வைக்கு வேண்டிய நேரியல் இயற்கணிதத்தையும் நிகழ்தகவையும் வேலையில் இருந்துகொண்டே என்பிடெல் வழியாகப் படித்தேன்."

மூன்றே வாக்கியங்கள். ஆசை எதுவும் இதில் இல்லை. 'ஏன் இந்தப் படிப்பு' என்பது எஸ்ஓபியின் வேலை. பல்கலைக்கழகத்தின் பெயரும் இல்லை. பெயர் போட்டால் எட்டு இடங்களுக்கு எட்டுக் கோப்புகள் வேண்டும், ஒன்று மாறிப் போனாலும் அந்த விண்ணப்பம் கெட்டது. இயந்திரவியல் மாணவருக்குக் கணக்கு அடித்தளம் போதுமா என்று பேராசிரியர் மனதில் எழக்கூடிய ஐயத்துக்கு மூன்றாவது வாக்கியம் முன்கூட்டியே விடை சொல்கிறது. ஆர்ஓஎஸ், திறன்கள் பகுதியில் 'அறிமுகம்' என்ற நிலையில் போய் அமர்ந்தது.

இரண்டாவது ரெஸ்யூமே கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவருடையது. சிஜிபிஏ 9.1. கணினி அறிவியலிலேயே எம்எஸ். மாநாடு ஒன்றில் ஏற்கப்பட்ட கட்டுரை இருக்கிறது, கோடை விடுமுறையில் செய்த ஆய்வுப் பயிற்சியும் உண்டு. சம்மரி முன்னதைவிட நன்றாகவே எழுதப்பட்டிருந்தது: இயற்கை மொழிச் செயலாக்கத்தில் கட்டுரை வெளியிட்ட, ஆய்வு அனுபவமுள்ள மாணவர் என்று. பொய் இல்லை, வெற்றுச் சொல்லும் இல்லை. ஆனால் அதில் இருந்த ஒவ்வொன்றும் பக்கத்தில் மறுபடியும் வந்தது, இன்னும் தெளிவாக. பட்டமும் படிக்கப் போவதும் ஒரே துறை. இணைத்துக் காட்ட இடைவெளி ஏதும் இல்லை.

மேலே இருப்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள், அதனால் சம்மரி கட்டாயம் வேண்டும் என்பது சீனியர்கள் வழிவழியாகச் சொல்லும் வாதம். முதல் பாதி சரி. அந்தச் சிறந்த இடத்தில் எதை வைப்பது என்பதை அது தீர்மானிக்கவில்லை. 11 புள்ளி எழுத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 50 வரி கிடைக்கும். சம்மரி நான்கு வரி, தலைப்பு ஒன்று, மேலும் கீழும் இடைவெளி என்று ஏழு வரி போய்விடுகிறது. அந்த ஏழு வரியால் இந்த மாணவரின் கட்டுரை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது.

ஜெர்மனிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு என் விடை இன்னும் சுருக்கமானது. அங்கே வாழ்க்கைக் குறிப்பு என்றால் தேதிவாரியான அட்டவணை. காலத்தில் இடைவெளி இல்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நோக்கத்தைச் சொல்லத் தனிக் கடிதம் உண்டு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பல படிப்புகளில் மதிப்பெண்ணும் பாடத்திட்டப் பொருத்தமும் புள்ளிகளாகக் கணக்கிடப்படுகின்றன. அழகான பத்தி அந்தக் கணக்கில் எதையும் கூட்டாது. பிரிட்டனில் நிலைமை வேறு: வேலைக்கான சிவியில் மேலே இப்படி ஒரு பத்தி வைப்பது அங்கே வழக்கம், அதனால் சுருக்கமாக இருந்தால் யாருக்கும் உறுத்தாது.

என் தீர்ப்பு இது. பட்டமும் அனுபவமும் விண்ணப்பிக்கும் படிப்பும் ஒரே கோட்டில் இருப்பவர்கள் சம்மரியை எடுத்துவிட வேண்டும், எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும். துறை மாறுகிறவர்களுக்கும், பதவிப் பெயர் உண்மையான வேலையை மறைக்கிறவர்களுக்கும் அது தேவை. மூன்று வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். அரியர், படிப்பில் விட்டுப்போன ஆண்டு போன்றவற்றை விளக்க அது இடமல்ல.

இரண்டாவது மாணவர் தன் சம்மரியை நீக்கத் தயங்கினார். மூன்று இரவு உட்கார்ந்து எழுதியது என்றார். அவர் கண்முன்னே அழித்துக் காட்டினேன். கீழே இருந்த வரிகள் மேலேறின. கட்டுரையின் தலைப்பு இரண்டாம் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு வந்து நின்றது.