இருப்பு சொல்லாத தினசரி அறிக்கை

கடலூர் சிப்காட்டை ஒட்டிய குடிகாடு, செம்மங்குப்பம் பக்கம் வீடு கட்டிக்கொண்டு, வெளிநாட்டிலோ சென்னையிலோ வேலை பார்ப்பவருக்கு மாலையில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும்: “கொத்தனார் 3, சித்தாள் 4, சிமென்ட் 12 மூட்டை, பூச்சு வேலை நடக்கிறது.” கூடவே நாலு படங்கள். படிக்க நிம்மதியாக இருக்கும். ஆனால் இதை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது.

சிமென்ட் கணக்கையே எடுத்துக்கொள்வோம். காலை இருப்பு, புதிதாக வந்தது, செலவு, மாலை இருப்பு என நான்கு எண்கள் இருந்தால்தான் அது கணக்கு. ஆயிரம் சதுர அடி தளத்தை ஐந்து அங்குலக் கனத்தில் போட்டால் சுமார் 11.8 கனமீட்டர் கான்கிரீட் ஆகும். ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று என்ற எம்20 கலவைக்குக் கனமீட்டருக்கு எட்டு மூட்டை வீதம் பார்த்தால், தளத்துக்கு மட்டும் 94 மூட்டை, பீம் தனி. அன்றைய செலவு 75 என்று வந்தால், அன்றிரவே மேஸ்திரியிடம் கேள்வி கேட்கலாம். வெறும் “தளம் போட்டாச்சு” என்ற வரியால் அது முடியாது.

இரண்டாவது, தண்ணீர். கடலும் உப்பனாறும் பக்கத்தில் இருக்கும் இந்தப் பகுதியில் போர் தண்ணீர் உவர்க்க வாய்ப்பு உண்டு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. மீறினால் கம்பி துருப்பிடித்து, சில வருடங்களில் தளத்தின் அடிப்பூச்சு உதிரும். ஆகவே, “கலவைக்குப் போரா, லாரியா?” என்பது தினமும் நிரப்பவேண்டிய கட்டம். போர் என்றால், முன்கூட்டியே ஒருமுறை ஆய்வகத்தில் சோதித்திருக்க வேண்டும்.

மூன்றாவது, நனைப்பு. “தண்ணி அடிச்சோம்” என்பது போதாது. “தளம், பி.பி.சி. சிமென்ட், 4ஆம் நாள், பாத்தியில் தண்ணீர் நிற்கிறது” என்று எழுதினால்தான், பத்து நாள் முடிந்ததா என்று எண்ணிப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆள் வராத இடத்தில் எண் தாண்டிப்போவது அப்போதே தெரிந்துவிடும்.

படங்களில் நான் கேட்பது ஒன்றுதான்: மூடப்போகும் வேலை. கம்பி கட்டியபின், கான்கிரீட் கொட்டுமுன், கவர் பிளாக் தெரிய, கம்பிகளுக்கிடையே டேப் பிடித்து எடுத்த படம். சுவர் எழும்பும் படங்கள் மறுநாளும் கிடைக்கும்; இது கிடைக்காது.

இந்த வடிவத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எழுதுபவர் ஒப்பந்தக்காரரின் ஆள் என்றால், நான்கு எண்களையும் பொருந்தும்படி எழுதிவிடலாம். கான்கிரீட்டில் தண்ணீர் கூடியதா என்பதையும் இது காட்டாது. வாரம் ஒருமுறை உங்கள் உறவினர் ஒருவர் போய் மூட்டைகளை எண்ணி, அன்றைய மாலை இருப்போடு ஒப்பிட வேண்டும். தளம் போடும் நாளில் தனிப் பொறியாளர் நிற்க வேண்டும்.

ஆட்கணக்கும் அழகுப் படங்களும் மட்டும் உள்ள அறிக்கையை ஏற்காதீர்கள். சிமென்ட் இருப்பு, தண்ணீர், நனைப்பு நாள், மூடுமுன் படம் ஆகிய நான்கும் இருந்தால் ஐந்து வரியே போதும். அதை முன்பணம் கொடுக்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.