தோல்வியில் விதியின் பங்கு எவ்வளவு?
எஸ்எஸ்எல்வி முதல் பயண ஆய்வு குறித்து

சிறிய செயற்கைக்கோள்களைக் குறைந்த செலவில், கேட்ட வேளையில் விண்ணுக்கு அனுப்பித் தருவதற்காக, சந்தையை மனத்தில் வைத்தே இஸ்ரோ உருவாக்கிய ராக்கெட் எஸ்எஸ்எல்வி. அதை வடிவமைத்தது திருவனந்தபுரம் தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது முதன்முறையாகப் பறந்தது. சுமார் 356 கி.மீ. உயரத்தில் வட்டப் பாதையில் சுற்ற வேண்டிய இஓஎஸ்-02, அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேர் பங்களித்த ஆசாதிசாட் ஆகிய இரண்டும் 356 கி.மீ.க்கு 76 கி.மீ. என்ற நீள்வட்டத்தில் விடப்பட்டன. 76 கி.மீ. உயரத்தில் காற்றின் இழுவை எந்தச் செயற்கைக்கோளையும் சுற்ற விடாது. இரண்டும் வீணாயின.

திட எரிபொருள் கட்டங்கள் மூன்றும் சரியாகவே எரிந்தன. இரண்டாம் கட்டம் பிரிந்த நொடியில்தான் சிக்கல் தொடங்கியது. பிரிவின் அதிர்ச்சி, கருவிகள் பொருத்தப்பட்ட தளத்தை மிகச் சிறு நேரம் எதிர்பார்த்ததைவிடக் கடுமையாக அதிர வைத்தது. அங்கிருந்த ஆறு முடுக்கமானிகளின் அளவீடுகளும் ஒரே சமயத்தில் எல்லை தாண்டின. பழுதான கருவியைக் கண்டறிந்து ஒதுக்கும் மென்பொருள், ஆறுமே கெட்டுவிட்டன என்று முடிவு கட்டியது. ராக்கெட் உடனே 'மீட்பு நிலை'க்கு மாறியது. அளவீடுகளைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளாமல், முன்கூட்டியே எழுதி வைத்த திட்டப்படி பறப்பதுதான் அந்த நிலை. கடைசியில் வேகத்தில் நொடிக்கு 56 மீட்டர் குறைந்தது. அந்த உயரத்தில் சுற்றத் தேவையான வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7,700 மீட்டர். நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத குறை அது.

'எதிர்பாராத அதிர்வு' என்று ஒரு வரியில் எழுதிக் கோப்பை மூடிவிடலாம். தோல்வியை ஆராய்ந்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. நிகழ்வுச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்தம் சொன்னார்கள். இந்த ஆய்வு முறையின் பலம் அதுதான். முடிவு எது, விதி எது என்று பிரித்துப் பார்க்கவும் அதுவே வழி தருகிறது. இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: அன்று அந்த அதிர்ச்சி நேராமல் ராக்கெட் வென்றிருந்தாலும் எடுத்த முடிவு தவறாகவே இருந்திருக்குமா?

அதிர்வின் அளவை முதலில் எடுத்துக்கொள்வோம். பறக்காத ராக்கெட்டின் பிரிவு அதிர்ச்சியைத் தரைச் சோதனை முழுமையாகக் காட்டாது. இதில் ஓரளவு துரதிர்ஷ்டம் உண்டு. அடுத்த பயணத்துக்கு, பிஎஸ்எல்வியின் மூன்றாம் கட்டப் பிரிவில் ஏற்கெனவே தேறிய, அதிர்ச்சி குறைந்த அமைப்புக்கு மாறினார்கள். தேறிய அமைப்பு ஒன்று கையில் இருந்திருக்கிறது என்றால், முதல் தேர்வும் ஒரு முடிவுதான். ஆனாலும் அன்றைக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அது நியாயப்படுத்தக்கூடிய முடிவு.

மென்பொருளின் தர்க்கத்தை அப்படிச் சொல்ல முடியாது. ஆறு கருவிகள் வைப்பது ஒன்று கெட்டால் மற்றவை காப்பாற்றும் என்பதற்காக. ஒரே தளத்தில் இருக்கும் ஆறும் ஒரே கணத்தில் எல்லை தாண்டினால், தனித்தனிப் பழுதைவிடப் பொதுவான வெளிக்காரணத்துக்கே வாய்ப்பு அதிகம். சற்றுப் பொறுத்திருந்தால் அளவீடுகள் இயல்புக்குத் திரும்பியிருப்பது தெரிந்திருக்கும். இந்தப் பிழை அதிர்ச்சியால் பிறந்ததல்ல. தாளில் எழுதிய நாளிலிருந்தே அங்கே இருந்தது, அதிர்ச்சி அதை வெளிக்கொணர்ந்தது. மீட்பு நிலைக்கும் இதே தீர்ப்புதான். அந்த நிலையிலும் நாவிக் செயற்கைக்கோள்களின் தரவைக் கொண்டு வழிநடத்தலாம் என்பது தோல்விக்குப் பிறகே பரிந்துரையாக வந்தது.

இந்த ஆய்வு முறைக்கு இரண்டு குறைகள் உண்டு. உடைந்தது எது, மாற்றியது எது என்று பொதுவெளிக்கு வந்த விளக்கம் தெளிவாகச் சொல்கிறது. பறப்பதற்கு முன் அந்தத் தர்க்கத்தை யார் எந்தக் கேள்விகளால் சோதித்தார்கள், ஆறும் ஒன்றாக எல்லை தாண்டும் நிலை மேசைக்கு வந்ததா என்பதை அது சொல்லவில்லை. கருவியைத் திருத்துவது அடுத்த ராக்கெட்டைக் காக்கும். பரிசீலனை முறையைத் திருத்தினால்தான் அதற்கடுத்த புதிய வடிவமைப்பும் தப்பும்.

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. தோல்வியைத் துருவுகிற அளவுக்கு வெற்றியை யாரும் துருவுவதில்லை. 2023 பிப்ரவரி 10 அன்று எஸ்எஸ்எல்வியின் இரண்டாவது பயணம் வென்றது, ஆசாதிசாட்-2 சுற்றுப்பாதையை அடைந்தது. ஆனால் அதிர்ச்சி குறைந்த பிரிவு அமைப்புடன் பறந்த அந்தப் பயணத்தின் வெற்றி, திருத்திய மென்பொருள் தர்க்கம் சரியென்று தானாக நிரூபித்துவிடாது. கடும் அதிர்வு வராதபோது அந்தத் தர்க்கத்துக்குச் சோதனையே இல்லை. வென்ற பயணத்தின் தரவிலும் முடுக்கமானிகள் எல்லையை எவ்வளவு நெருங்கின என்று பார்த்து, முதல் பயணத்தின் அதிர்வைப் புதிய மென்பொருளுக்குத் தரையில் ஊட்டிப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். தோல்வியில் எது துரதிர்ஷ்டம் என்று கேட்ட அதே ஆய்வுக்குழு, வெற்றியில் எது அதிர்ஷ்டம் என்றும் கேட்கும்போதுதான் அதன் வேலை முழுமையடைகிறது.