பன்னிரண்டு மூட்டை யூரியா

திருக்கோவிலூர் பக்கம் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கம் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 31 அன்று உரக் கிடங்கில் எண்ணியபோது இருந்தது 228 மூட்டை யூரியா. இருப்புப் பதிவேட்டில் 240. இருப்பைச் சரிபார்க்க நிர்வாகம் தவறியதால் 12 மூட்டை காணாமல் போயிற்று என்று உள் தணிக்கையாளர் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். அங்கே அது வழக்கமான வாசகம். அப்படியே தமிழாக்கினால், செயலாளர் எடுத்துவிட்டார் என்றுதான் ஊர் படிக்கும்.

தணிக்கையாளர் கண்ணால் பார்த்தது இரண்டு எண்களையும், கையெழுத்து இல்லாத ஒரு பதிவேட்டையும்தான். காணாமல் போனது என்பது அவருடைய ஊகம். அதை விட்டுவிட்டு இப்படி எழுதலாம்: ‘31.3 அன்று நேரில் எண்ணியதில் 228 மூட்டை இருந்தது, பதிவேட்டின்படி 240. வேறுபாடு 12 மூட்டை, மூட்டைக்கு ரூ.266.50 வீதம் மதிப்பு ரூ.3,198. பிப்ரவரி, மார்ச் மாத இருப்புச் சரிபார்ப்புக்குப் பதிவேட்டில் கையொப்பம் இல்லை.’ இதில் யாரும் குற்றவாளி இல்லை. எதுவும் மறைக்கப்படவும் இல்லை. நாசூக்காக எழுதுகிறேன் என்று ‘சில வேறுபாடுகள் காணப்பட்டன’ என்று முடிப்பவர்கள் எண்ணையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறார்கள். அதற்கு எப்படிப் பதில் எழுதுவது?

தமிழ்நாட்டில் இத்தகைய குறிப்புக்குத் தணிக்கைத் தடை என்று பெயர். நீங்கும்வரை அது நிலுவையில் கிடக்கும். ஓய்வு பெறும் நாளில் பணப்பலனை மறித்து நிற்கவும் கூடும். அதனால் செயலாளர்களின் பதில் பெரும்பாலும், இனி இத்தவறு நேராவண்ணம் பார்த்துக்கொள்ளப்படும் என்றே வருகிறது. பணிவான வரிதான். ஆனால் செய்யாத தவற்றையும் அது ஒப்புக்கொள்கிறது, 12 மூட்டைக்குக் கணக்கும் சொல்வதில்லை.

இலங்கையில் கணக்காய்வு என்பார்கள். 2018-ஆம் ஆண்டின் தேசிய கணக்காய்வுச் சட்டத்துக்குப் பின், அரச நிறுவனங்கள் பற்றிய கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளில் அவதானிப்பு, முகாமைத்துவத்தின் கருத்து, பரிந்துரை மூன்றும் அடுத்தடுத்த கட்டங்களில் நிற்பதைப் பார்க்கலாம். எதிர்த்தரப்பின் பேச்சும் அதே பக்கத்தில் வருவதால் அவதானிப்பின் வாசகம் தானாகவே அடங்குகிறது. இந்த அமைப்பை நம் சங்கங்களின் உள் தணிக்கைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்பேன். கட்டம் போட்டால் மட்டும் பதில் நேராகிவிடாது. கவனத்தில் கொள்ளப்படும் என்ற வரி அங்கேயும் உண்டு.

பதில், கண்டறிந்ததன் வரிசையிலேயே போக வேண்டும்: ‘பி.ஓ.எஸ். இயந்திர ரசீதுகளை ஒப்பிட்டதில், மார்ச் 30 அன்று விற்ற 9 மூட்டை பதிவேட்டில் ஏறவில்லை, இப்போது ஏற்றப்பட்டது. மீதி 3 மூட்டைக்கு ரசீது இல்லை, மதிப்பு ரூ.799.50. இருப்புப் பொறுப்பாளரிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது.’ முதல் ஒன்பது பதிவுப் பிழை, மற்ற மூன்று உண்மையான குறைவு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டால் எழுத்தருக்கும் பழி வரும்.

அந்த மூன்றுக்கும் விளக்கம் வராமல், மறு மாதமும் குறைந்தால், மொழிபெயர்ப்பாளர் வாசகத்தை இனியும் மென்மையாக்கக் கூடாது. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-இன் 81-ஆம் பிரிவு விசாரணைக்கும், 87-ஆம் பிரிவு தண்டத்தீர்வைக்கும் வழி வைத்திருக்கிறது. பெயரைக் குறிப்பிட வேண்டிய இடம் அந்த விசாரணைக் கோப்பு.