ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த பீம்: எப்படி ரசிப்பது?

ஒரு முனை சுவருக்குள் இறுகப் பதிந்திருக்கும் பீம் ஒன்று. நீளம் 4 மீட்டர். அதன் மேல் மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் வீதம் சீரான பாரம், மொத்தம் 40. மறுமுனையின் அடியில், பீமை லேசாகத் தொட்டபடி ஒரு ஸ்பிரிங். பாரம் ஏறியதும் அந்த ஸ்பிரிங் எவ்வளவு தாங்கும்? சிலர் பாரத்தைப் பார்த்துப் பதில் தேடுவார்கள், சிலர் ஸ்பிரிங்கின் விறைப்பைப் பார்த்து. தனியாக எதைப் பார்த்தாலும் விடை வராது. பீமும் ஸ்பிரிங்கும் சேரும் அந்த ஒரு புள்ளி எவ்வளவு இறங்குகிறது என்பதில் இரண்டும் ஒத்துப்போக வேண்டும்; அதிலிருந்துதான் விசை பிறக்கிறது. இந்தக் கணக்கை ரசிக்க விரும்புகிறவர் அந்தப் புள்ளியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது.

விசைகளைச் சமன் செய்தாலே போதாதா என்று கேட்கலாம். இரு முனைகளிலும் சும்மா உட்கார்ந்திருக்கும் பீமுக்குப் போதும். அங்கே ஒரு முனையில் ஸ்பிரிங் வைத்தாலும் அதன் பங்கு 20 கிலோநியூட்டன்தான். ஸ்பிரிங் மெத்தென்று இருந்தால் பீம் கூடுதலாகச் சாயும், அவ்வளவே. சுவரில் பதிந்த பீமின் கதை வேறு. ஸ்பிரிங் 5 தாங்கினால் சுவர் மீதி 35-ஐ ஏற்று, 60 கிலோநியூட்டன்-மீட்டர் திருப்புத்திறனையும் சுமக்கும். ஸ்பிரிங் 12 தாங்கினால் சுவருக்கு 28-உம் 32-உம். இரண்டிலும் சமநிலை குறையின்றி இருக்கிறது. எது உண்மை என்று சமநிலையால் சொல்ல முடியாது. பீமின் வளைவுதான் சொல்ல வேண்டும்.

எனவே ஸ்பிரிங்கை மனதளவில் எடுத்துவிடுவோம். இந்த பீமின் முனை பாரத்தால் 30 மில்லிமீட்டர் தொய்கிறது என்றும், முனையை அடியிலிருந்து தள்ளும் ஒவ்வொரு கிலோநியூட்டனும் அதை 2 மில்லிமீட்டர் உயர்த்துகிறது என்றும் கொள்வோம். ஸ்பிரிங்கோ ஒரு கிலோநியூட்டனுக்கு 1 மில்லிமீட்டர் அமுங்குகிறது. ஸ்பிரிங் விசை R என்றால், பீம் முனை இறங்கிய அளவு 30 − 2R; ஸ்பிரிங் அமுங்கிய அளவு R. இரண்டும் ஒரே புள்ளி என்பதால் 30 − 2R = R. ஆக, விசை 10 கிலோநியூட்டன். பீமின் பக்கமிருந்து பார்த்தாலும் ஸ்பிரிங்கின் பக்கமிருந்து பார்த்தாலும் முனை 10 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. பொருத்த நிபந்தனை என்று பாடநூல் சொல்வது இதைத்தான்.

இங்கே பலரும் சறுக்குவது ஒரே இடத்தில். 30 மில்லிமீட்டர் தொய்வை அப்படியே ஸ்பிரிங்கின் விறைப்பால் பெருக்கி, விசை 30 என்று எழுதிவிடுவார்கள். அந்த 30 கிலோநியூட்டன் முனையை 60 மில்லிமீட்டர் உயர்த்தும். அதாவது பீம் பழைய மட்டத்துக்கு மேலே 30 மில்லிமீட்டர் எழும்பி நிற்கும். ஆனால் ஸ்பிரிங் 30 மில்லிமீட்டர் அமுங்கிக் கிடக்கும். ஒரே புள்ளி ஒரே நேரத்தில் மேலும் கீழும் இருக்க முடியாது. கொஞ்சமும் அமுங்காத தாங்கி வைத்தாலே விசை 15-ஐத் தாண்டாது; விடை 0-க்கும் 15-க்கும் வெளியே போனால் கணக்கு தப்பு.

ஸ்பிரிங்கை இரு மடங்கு விறைப்பாக்கினால் விசை 20 ஆகாது, 12 ஆகும். ஸ்பிரிங்கையும் பாரத்தையும் தொடாமல் பீமை மட்டும் இரு மடங்கு விறைப்பாக்கினால், தொய்வு 15 ஆகவும் உயர்வு கிலோநியூட்டனுக்கு 1 ஆகவும் குறைந்து, விசை 10-லிருந்து 7.5-க்கு இறங்கும். பீம் தானே தாங்கிக்கொள்வதால் ஸ்பிரிங்குக்கு வேலை குறைகிறது. பாரத்துக்கு அடுத்தபடி விசையைத் தீர்மானிப்பது இரண்டின் விறைப்புகளுக்கு இடையிலான விகிதமே.

கட்டடத்தில் ஸ்பிரிங் எங்கே இருக்கிறது என்பது நியாயமான ஆட்சேபம். தூணுக்கு அடியிலுள்ள மண் அமுங்குகிறது. ஒரு பீம் இன்னொரு பீமின் நடுவில் உட்கார்ந்தால் கீழுள்ளது தொய்கிறது. இரண்டும் ஸ்பிரிங் செய்யும் வேலையையே செய்கின்றன. நம் பீமின் தாங்கி அமுங்காது என்று நினைத்தால் சுவரோரத் திருப்புத்திறன் 20; அது 10 மில்லிமீட்டர் இறங்கினால் 40, சரியாக இரு மடங்கு. மென்பொருள் இதைக் கணக்கிட்டுத் தரும்தானே என்றால், தரும். தாங்கி இறங்கும் என்று நாம் சொல்லியிருந்தால்.

இந்தக் கணக்குக்கு எல்லையும் உண்டு: தொய்வு சிறிதாக இருக்க வேண்டும், அமுக்கம் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்க வேண்டும், ஸ்பிரிங் முதலிலேயே பீமைத் தொட்டிருக்க வேண்டும். நடுவே 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சமன்பாடு 30 − 2R = R + 6 என்று மாறி, விசை 8 ஆகிவிடும். ஆகவே அடுத்த முறை விடை கிடைத்ததும் பேனாவை மூடாதீர்கள். பீமின் பக்கமிருந்து ஒரு முறை, ஸ்பிரிங்கின் பக்கமிருந்து ஒரு முறை, முனை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் விடை சரி.