நேராகாத கணக்கு

மின்கட்டணப் பிழையைச் சுட்டிக்காட்டுவோரிடம் வருத்தம் தெரிவித்து, 'அடுத்த கணக்கில் தானே நேராகிவிடும்' என்று சமாதானம் சொல்லும் வழக்கத்தை, நடைமுறை ஞானம் நிறைந்த பரிகாரம் என்று கடலூர் நண்பர் ஒருவர் அண்மையில் ஆதரித்துப் பேசினார். வெயிலில் வீடுவீடாக ஏறி இறங்கும் கணக்கீட்டாளருக்குக் கண் தவறுவது இயல்பே. வருத்தம் தெரிவிப்பதும் பண்பே. மீட்டர் முன்னோக்கியே ஓடுவதால், இம்முறை கூடிய யூனிட் மறுமுறை குறைந்துவிடும் என்பதும் மெய்யே. ஆனால், யூனிட் நேராவது வேறு, பணம் நேராவது வேறு என்பதை நான் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறேன்.

சிதம்பரம் மேல வீதியில் ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். முந்தைய அளவு 6140. இப்போது மீட்டரில் 6560. ஓடியது 420 யூனிட். இலக்கம் இடம்மாறி, அட்டையில் 6650 என்று விழுந்துவிட்டதால் 510 யூனிட் ஆகிவிடுகிறது. 2022 செப்டம்பரில் அமலான விகிதப்படி 420க்கு 1,245 ரூபாய்; 500ஐத் தாண்டியவருக்கோ 101 முதல் 200 வரையிலான யூனிட்டின் விலையே 2.25 ரூபாயிலிருந்து 4.50 ஆக ஏறிவிடுவதால், கட்டணம் 2,030 ரூபாய். மறுமுறையும் அவ்வீடு 420 யூனிட் செலவிட்டு, மீட்டர் 6980ஐக் காட்டினால், கணக்கில் வருவது 330 யூனிட், 810 ரூபாய். இரு தடவைக்கும் நியாயமாக 2,490 ரூபாய் தரவேண்டியவர் 2,840 ரூபாய் தந்திருக்கிறார். யூனிட் சரியாகிவிட்டது, 350 ரூபாய் போனது போனதுதான்! இதையா பரிகாரம் என்பது?

2004ஆம் ஆண்டின் தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பின் 12ஆவது விதி, தானே நேராகட்டும் என்று காத்திருக்கச் சொல்லவில்லை. மிகையாகப் பெற்ற தொகையை, காப்புத்தொகைக்குரிய வட்டியோடு திருப்பவேண்டும் என்றும், பிழை கண்டறிந்த மறுமாதம் காசோலையாகப் பெறுவதா, அடுத்துவரும் கணக்குகளில் கழித்துக்கொள்வதா என்பது நுகர்வோரின் விருப்பம் என்றும் அது விதிக்கிறது. முறையீடு கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்னதாக வந்திருந்தால், அந்தக் கடைசி நாளுக்குள்ளேயே தீர்த்துவைக்கவும் சொல்கிறது. பிழை என்று சொல்லிக் கட்டணத்தை நிறுத்திவைக்கும் உரிமையை நுகர்வோரிடமிருந்து எடுத்துக்கொண்ட விதி, அதற்கு ஈடாக அலுவலகத்தின்மேல் சுமத்திய கடமை இது.

வெள்ளை அட்டையில் பழைய எண்ணின்மேலேயே புதிய எண்ணை அழுத்தி எழுதி, இரண்டும் தெரியாதபடி ஆக்கிக் கொடுத்துவிட்டு வருத்தம் தெரிவிப்பதைத் திருத்தம் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பிழையான எண் கோடிடப்பட்டு, வாசிக்கும்படி அப்படியே நிற்கவேண்டும். அருகில் 6560 என்ற மெய்யான எண். அதன் கீழ், தந்தது 2,030, தரவேண்டியது 1,245, திருப்புவது 785, அதற்குரிய வட்டி, கழிக்கும் மாதம் இவை தனித்தனி வரிகளாக வரவேண்டும். எண்ணையும் தொகையையும் சேர்த்தே திருத்தவேண்டும். 785 ரூபாயை மட்டும் கழித்து, அட்டையில் 6650ஐ விட்டுவைத்தால், மறுமுறை 1,245க்குப் பதிலாக 810 என்றே கணக்கு வரும். குறைந்துபோன 435 ரூபாயைக் கேட்டு, பின்னொரு நாள் அதே வீட்டுக்கு இன்னொரு சீட்டு வரும்.