பெயர் கோக்கும் சிறு பொறி

யாழ்ப்பாணத்துப் பெயர்கள் பல கோத்துச் செய்தவை. சிவ, குக, ஜெய என்று ஒரு தலை. ரூபன், சீலன், நேசன் என்று ஒரு வால். முன்வந்த எழுத்துகளை நினைவில் சுமந்து அடுத்ததை ஊகிக்கும் ஆர்.என்.என். மாதிரிக்கு, தொடக்கப் பயிற்சியாக இவை நல்ல தீனி.

சுவை எழுத்தில்தான் இருக்கிறது. 'சிவரூபன்' நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் எட்டுக் குறி. 'சி' என்பது அங்கே 'ச'வும் விசிறியும். குறிகளாகவே ஊட்டினால், முதலில் பெயர் விசிறியோடு தொடங்கும்; திரையில் புள்ளிவட்டம் முளைக்கும். போகப்போக, புள்ளி மெய்யின் தலையில்தான் ஏறும், பெயர் 'ன்' என்று முடியும் என்பதை யாரும் சொல்லாமலே பிடித்துக்கொள்ளும். அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. open-tamil நூலகத்தின் get_letters கொண்டு முழு எழுத்தாகப் பிரித்தால் அந்தக் கோணல் இராது. ஆனால் அரிய எழுத்துகளுக்கு உதாரணம் போதாது.

சில நூறு பெயர்கள்தான் என்றால் மனப்பாடம் செய்துவிடும். விளைந்ததைப் பட்டியலோடு ஒப்பிட்டால் தெரியும். வெப்பநிலை எனும் அளவைக் கூட்டினால் புதுமையும் வரும், 'சிவநேரூன்' போன்ற உளறலும் வரும். 'குகரூபன்' வந்தால் மட்டும் புதுப்பெயர் என்று அவசரப்படக் கூடாது. பட்டியலில் இல்லாவிட்டாலும் கொக்குவிலில் ஒருவர் இருக்கக்கூடும்.